வேலை இழுத்துப் போன பள்ளிக்கூடம்

அன்புள்ள கயல்விழிக்கு,

காலனியக் கல்விக் கொள்கை பள்ளியையும் மொழியையும் வேலையையும் எப்படி மாற்றியது என்ற கேள்விக்கு நீ எழுதிய வரைவைப் படித்தேன். நன்மைகள் ஒரு பக்கம், தீமைகள் மறுபக்கம், கடைசியில் ‘இரண்டும் உண்டு’ என்று ஒரு வரி. விடைத்தாள் திருத்துபவர் இதை நடுநிலை என்று ஏற்கமாட்டார். முடிவு சொல்லத் தயங்கியிருக்கிறாய் என்றுதான் நினைப்பார். ஒவ்வொரு கூற்றையும் ‘யாருக்கு, எப்போது’ என்று கேட்டுப் பார்த்தால் நடுநிலை தானாக வரும். அதற்கு நம் ஊர்ச் சான்றே போதும்.

1822-இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் எத்தனை பள்ளிகள், எந்தெந்தச் சாதியார் படிக்கிறார்கள் என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். 1826-இல் அவர் தொகுத்தபோது மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தார்கள். நம் விழுப்புரமும் திண்டிவனமும் அன்று தென்னார்க்காட்டில் இருந்தன. அந்த மாவட்டப் பள்ளிப் பிள்ளைகளில் 84 விழுக்காட்டுக்கு மேல் ‘சூத்திரர், பிற சாதியார்’ என்று பதிவானவர்கள். ஆங்கிலேயர் வருமுன் பிராமணர் மட்டுமே படித்தார்கள் என்ற வாக்கியம் உன் வரைவில் இருக்கிறது. திண்ணைப் பள்ளியைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு அதைத் தள்ளிவிடுகிறது, அடித்துவிடு.

அதற்காக ‘அன்று எல்லோரும் படித்தார்கள்’ என்று எழுதிவிடாதே. தரம்பால் 1983-இல் இந்த அறிக்கைகளை நூலாக வெளியிட்டபின் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதே கணக்கில் மாகாணம் முழுக்கப் பெண் பிள்ளைகள் சுமார் 4,500 பேர்தான். ‘பிற சாதியார்’ என்ற தலைப்புக்குள் யார் யாரை எழுதினார்கள் என்பது அட்டவணையில் தெரியாது; ஆகவே தீண்டாமைக்கு ஆளானோர் படித்ததற்கு அதைச் சான்றாக்க முடியாது. எண், எழுத்து, ஓலை வாசிப்பு என்பதைத் தாண்டி எத்தனை பேர் போனார்கள் என்பதும் தெரியாது. ஆக, பரவலாக இருந்தது, ஆனால் சிலருக்கு மூடியிருந்தது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடு. 1931-இல் காந்தி லண்டனில் இந்தப் பழைய கல்வியைப் பற்றிப் பேசியதையும் அதை மறுத்த ஹார்டாக்கையும் குறிப்பிட வேண்டுமானால் ஒரு வரி போதும்; அந்தச் சண்டைக்குள் போனால் நேரம் கரைந்துவிடும்.

அடுத்து மெக்காலே. எல்லா விடைத்தாளும் அவருடைய 1835 குறிப்பைச் சுற்றியே வருகிறது. ஆனால் ஒரு குறிப்பு மட்டும் கிராமத்து அப்பாவின் மனத்தை மாற்றிவிடாது. 1844-இல் ஹார்டிஞ்ச், அரசு வேலைக்கு ஆங்கிலம் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று அறிவித்தார். தாலுகா கச்சேரியில் எழுத்தர் வேலைக்கும் கோர்ட்டில் வக்கீல் தொழிலுக்கும் ஆங்கிலம் மெல்லமெல்ல வாசலானபோது, வசதியுள்ள வீடுகள் பிள்ளையைத் திண்ணையிலிருந்து எழுப்பி ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பின. வேலை மொழியை இழுத்தது, மொழி பள்ளியை இழுத்தது. உன் கட்டுரையின் முதுகெலும்பு இதுவாக இருக்கட்டும். கேள்வி பள்ளி, மொழி, வேலை என்று வரிசைப்படுத்தியிருந்தாலும் காரணம் பின்னாலிருந்துதான் ஓடுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு வரும்: 1854-இன் வுட் அறிக்கை தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில்தானே தரச் சொன்னது? உண்மை. ஆனால் அதே அறிக்கையின் வழியில் 1857-இல் வந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டம் ஆங்கிலத்தில் இருந்தது. அடித்தளம் தமிழ், மாடி ஆங்கிலம், சம்பளம் மாடியில். தமிழ் படித்தவர் உள்ளூர் வாத்தியாராகலாம். மேலே ஏற முடியாது.

இன்னொரு மறுப்பு கனமானது. புதிய பள்ளிதானே பழைய பூட்டைத் திறந்தது? ஓரளவு ஆம். திண்டிவனத்தில் ஊன்றிய அமெரிக்க ஆற்காடு மிஷனைப் போன்றவை, திண்ணைப் பள்ளி ஒதுக்கிய பெண்களையும் ஒடுக்கப்பட்டோரையும் சேர்க்க முயன்றன. இதைக் குறைத்து எழுதினால் உன் கட்டுரை சாயும். ஆனால் பள்ளியில் சேர்ந்ததும் வேலை கிடைத்ததும் ஒன்றல்ல. 1912 கணக்கில் மாகாண மக்கள்தொகையில் சுமார் 3 விழுக்காடான பிராமணரே டெபுடி கலெக்டர் பதவிகளில் பாதிக்கு மேலும், மாவட்ட முன்சீப் பதவிகளில் 70 விழுக்காட்டுக்கு மேலும் வகித்தார்கள். 1822-இல் தென்னார்க்காட்டுப் பள்ளிகளை நிரப்பியவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த நாற்காலிகளில் அதிகம் இல்லை. நகரத்தில் கட்டணம் கட்டி, பல ஆண்டு ஆங்கிலம் படிக்கவைக்க யாரால் முடிந்ததோ அவர்களே முந்தினார்கள். எண்களைப் பக்கத்தில் வைக்கும்போது ஒரு எச்சரிக்கை: முதலாவது பிள்ளைகள் கணக்கு, இரண்டாவது பதவிகள் கணக்கு. கழித்துப் பார்த்து ‘இவ்வளவு சரிந்தது’ என்று எழுதாதே. கதவு வேறு இடத்துக்கு நகர்ந்தது என்று மட்டும் எழுது.

1916-இன் பிராமணரல்லாதார் அறிக்கையும், பின்வந்த வகுப்புவாரி அரசாணைகளும் இந்தக் கதவைப் பற்றியவையே. அவற்றை முடிவுரையில் செருகாமல் வேலைப் பத்தியின் கடைசியில் வை. முதல் பத்தியில் 1822 கணக்கு, அதன் குறைகளோடு, நடுவில் 1844, பிறகு 1854-ஐ மறுப்பாகக் கொண்டுவந்து பதில் சொல். மெக்காலேக்கு இரண்டு வரி. திருத்திய வரைவை அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்