ஊசி போடும் இடம் கழுத்துதான்

கால்நடை டாக்டர் மருந்தையும் அளவையும் சொல்லிவிட்டு, “நீங்களே போட்டுவிடுங்கள்” என்றால்:

1. தசை ஊசியைத் தொடையில் போடாதீர்கள். ஆட்டுத் தொடையில் சதை குறைவு. நரம்பில் பட்டால் கால் இழுக்கும். கழுத்தின் பக்கவாட்டில், பிடரிக்குக் கீழே, கழுத்தெலும்புக்கு மேலே, தோள்பட்டைக்கு முன்னே ஒரு முக்கோணம் இருக்கிறது. உள்ளங்கையை வைத்தால் அடங்கும். அங்கே நேராகக் குத்துங்கள்.

2. ஊசியின் எண் கூடினால் பருமன் குறையும். கடையில் பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். மாட்டுக்கு 18ஆம் எண், ஒன்றரை அங்குலம். ஆட்டுக்கு 20ஆம் எண், தசைக்கு ஒரு அங்குலம், தோலடிக்கு முக்கால் அங்குலம் போதும்.

3. குத்தியதும் பிஸ்டனைச் சற்றுப் பின்னால் இழுங்கள். ரத்தம் வந்தால் ஊசி ரத்தக் குழாயில் இருக்கிறது. உருவி வேறிடத்தில் போடுங்கள்.

4. தோலடி ஊசிக்கு (ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி 1 மில்லி அப்படித்தான்) கழுத்துத் தோலைக் கிள்ளிக் கூடாரம்போல் தூக்கி, அடிப்பகுதியில் ஊசியைச் சாய்வாகச் செலுத்துங்கள். மருந்து தடையின்றி இறங்க வேண்டும். எதிர்ப்பக்க முடி நனைந்தால் ஊசி மறுபுறம் வந்துவிட்டது. மருந்து வெளியே போயிற்று.

5. மாட்டுக்கு ஒரே இடத்தில் 10 மில்லிக்கு மேல் ஏற்றாதீர்கள், கட்டி விழும். மீதியை மறுபக்கக் கழுத்தில் போடுங்கள்.

6. ஒவ்வொரு ஆட்டுக்கும் புது ஊசி. ஒன்றின் சீழ்க்கட்டி மந்தைக்கே பரவும். ஈரத்தோலில், சாணம் படிந்த இடத்தில் குத்தவே வேண்டாம்.