பழுக்கும்வரை காத்திருக்கக் கூடாத கட்டி

சித்தப்பாவுக்கு வயது 52. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு திங்கட்கிழமை காலை, ஆசனவாய்க்கு இடப்பக்கம் ஏதோ உறுத்துகிறது என்றார். மூலமாகத்தான் இருக்கும் என்று அவரே முடிவு செய்து, மருந்துக் கடையில் ஒரு களிம்பும் மூன்று நாளைக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையும் வாங்கிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தபடி வண்டி ஓட்டினார். புதன் இரவு குளிர் நடுக்கம் வந்தது, தெர்மாமீட்டரில் 101.6 காட்டியது. சித்தி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டார். "பழுத்து உடையட்டும், அப்புறம் டாக்டர்கிட்ட போகலாம்" என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள்.

கையிலோ தொடையிலோ வரும் சின்னக் கொப்புளத்துக்கு அந்தப் பேச்சு பெரும்பாலும் சரிப்பட்டு வரும். ஆசனவாய்ப் பக்கத்துக் கட்டிக்குச் சரிப்படாது. ஆசனவாயின் உள்சுவரில், மேலிருந்து வரும் குடலும் கீழிருந்து வரும் தோலும் சேரும் இடத்தில், மிகச் சிறிய சுரப்பிகள் சில இருக்கின்றன. இவற்றில் ஒன்றின் வாய் அடைத்துக்கொண்டு உள்ளே கிருமி பெருகினால் சீழ் சேரும். சீழ் எளிதில் போகும் பக்கம் போகும். தோல் பக்கம் வந்தால் வெளியே வீக்கமாகத் தெரியும். புட்டத்துக் கொழுப்புக்குள் போனால், அங்கே அதைத் தடுக்க ஒன்றுமில்லை. வெளியே கண் வைப்பதற்கு முன் உள்ளே ஒரு டம்ளர் கொள்ளும் அளவுக்குக்கூட அது பரவிவிடும். மேல் தோல் பழுத்துத் தெரியவில்லை என்பதால் உள்ளே சீழ் இல்லை என்று ஆகிவிடாது.

முதலில் செய்ய வேண்டியது: எந்த வலி என்று பிரித்துப் பார்ப்பது

இந்த இடத்தில் வரும் வலி எல்லாவற்றுக்கும் நம் ஊரில் "மூலம்" என்றே பெயர். அந்த ஒரு சொல்லால்தான் நாட்கள் வீணாகின்றன. சாதாரண உள்மூலத்தில் ரத்தம் போகும். வலி பெரும்பாலும் இருக்காது. ஆசனவாய் வெடிப்பில் மலம் கழிக்கும்போது கண்ணாடித் துண்டு கிழிப்பது போல் வலித்து, பிறகு சிறிது நேரமோ சில மணி நேரமோ எரிந்து அடங்கும். ரத்தம் உறைந்த வெளிமூலம் திடீரென்று நீலம் பாய்ந்த உருண்டையாக வரும். முதல் இரண்டு மூன்று நாட்கள் கடுமையாக வலிக்கும். ஆனால் காய்ச்சல் இருக்காது.

சீழ்க்கட்டியின் வலி வேறு விதம். மலம் கழித்தாலும் கழிக்காவிட்டாலும் இடைவிடாமல் விண்விண்ணென்று தெறிக்கும். நாளுக்கு நாள் கூடும். உட்கார்ந்தால், இருமினால், நடந்தால் அதிகமாகும். இரவில் தூக்கம் வராது. கண்ணாடி வைத்தோ, துணைவரை விட்டுப் பார்க்கச் சொல்லியோ பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் சிவந்து, சுடச்சுட, தொட முடியாதபடி வீங்கியிருக்கும். இதோடு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சலோ நடுக்கமோ சேர்ந்தால், அதைச் சீழ்க்கட்டி என்றே எண்ணிக் கிளம்ப வேண்டும்.

குழப்பும் வகை ஒன்று உண்டு. வெளியே பார்த்தால் எதுவுமே தெரியாது. ஆனால் ஆழமான வலியும் காய்ச்சலும் இருக்கும், சிலருக்குச் சிறுநீர் கழிப்பதுகூடச் சிரமமாகும். சீழ் ஆழத்தில் இருந்தால் இப்படித்தான். "ஒன்றும் தெரியவில்லையே" என்று இவர்கள்தான் அதிக நாள் தள்ளிப்போடுகிறார்கள்.

வீட்டில் என்ன செய்யலாம், எதைத் தொடக் கூடாது

மருத்துவமனைக்குப் போகும்வரை வலிக்குப் பாராசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராம் எடுத்துக்கொள்ளலாம். கல்லீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் கொஞ்சம் இதமாக இருக்கும். அது இதம்தான், சிகிச்சை இல்லை.

பிதுக்கக் கூடாது, ஊசியால் குத்தக் கூடாது, பத்துப் போடக் கூடாது. மூலத்துக்கான ஸ்டீராய்டு களிம்பு கிருமிக்குத்தான் உதவும். மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டுப் பார்ப்போம் என்பதுதான் இவற்றில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. மருந்து ரத்தத்தில்தான் போகிறது. சீழ்ப்பையின் நடுவே ரத்த ஓட்டம் கிடையாது. சுவரைச் சுற்றியுள்ள சதையில் கிருமியைக் கொஞ்சம் அடக்கும். காய்ச்சல் ஒரு நாள் இறங்கும். வலியும் மட்டுப்பட்டது போலத் தோன்றும். பை அப்படியே இருக்கும், பெரிதாகிக்கொண்டும் போகும். சித்தப்பாவுக்குச் செவ்வாயும் புதனும் இப்படித்தான் போயின. கீறி வடித்துவிட்டால் பெரும்பாலோருக்கு ஆன்டிபயாடிக்கே தேவைப்படாது. சர்க்கரை நோய், எதிர்ப்புச் சக்திக் குறைவு, சுற்றிலும் சிவப்பு பரவியிருப்பது, செயற்கை இதய வால்வு போன்றவை இருந்தால், வடிகாலோடு சேர்த்து மருத்துவர் கொடுப்பார்.

எப்போது போவது

அன்றைக்கே போக வேண்டும். சர்க்கரை நோயாளிகள், கீமோதெரபி எடுப்பவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் மாலைவரைகூடக் காத்திருக்க வேண்டாம். தோல் கருத்தாலோ, அழுகல் நாற்றம் வந்தாலோ, அழுத்தும்போது தோலுக்கடியில் நறநறவென்றாலோ, வீக்கம் விதைப்பை அல்லது பெண்ணுறுப்புப் பக்கம் பரவினாலோ, நோயாளி பிதற்றினாலோ உடனே 108ஐக் கூப்பிடுங்கள். சதை அழுகும் நோய் தொடங்கிவிட்டதற்கான அறிகுறிகள் இவை. அங்கே ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்குக் கணக்கு. சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த அழுகல் அரிதாக வரக்கூடும் என்று 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அதனால் மாத்திரைச் சீட்டைக் கட்டாயம் காட்டுங்கள்.

கைக்குழந்தைகளுக்கு இந்த இடத்தில் வரும் கட்டிக்கு வேறு முறை. குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

மருத்துவமனையில் என்ன சொல்வது

"மூலம்" என்று சொல்லாதீர்கள். வெட்கத்தில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் களிம்போடு திருப்பி அனுப்பப்படும் வாய்ப்பு உண்டு. "ஆசனவாய் பக்கத்துல வீக்கம், மூணு நாளா வலி கூடுது, காய்ச்சல் இருக்கு, சுகர் இருக்கு" என்று சொல்லுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் அதையும், மருந்து ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பெண்கள் பெண் மருத்துவரையோ, பரிசோதனையின்போது செவிலியர் உடன் இருப்பதையோ கேட்கலாம், தயங்க வேண்டியதில்லை. கிளம்பும்போது சாப்பிடாமல் போவது நல்லது. மயக்கம் கொடுக்கப் பொதுவாக உணவுக்குப் பின் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போட்டவர்கள் பட்டினி கிடக்கும்போது சர்க்கரை இறங்கிவிடலாம். கடைசியாக எப்போது சாப்பிட்டோம், எப்போது மருந்து போட்டோம் என்பதை அங்கே சொல்லுங்கள்.

வியாழன் மாலை சித்தப்பாவைக் கொண்டுபோனபோது வீக்கம் எலுமிச்சை அளவு இருந்தது. சர்க்கரை 340. விரல் விட்டுப் பார்க்க முடியாத அளவு வலி. இது வழக்கம்தான், மயக்கம் கொடுத்த பிறகு பார்த்துக்கொள்வார்கள். வெளியே ஒன்றும் தெரியாத ஆழ்கட்டி என்று சந்தேகம் வந்தால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். தோலுக்கு அருகிலுள்ள சிறிய கட்டியை அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து கீறலாம். பெரிதாக இருந்தால் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள், அல்லது முழு மயக்கம் தருவார்கள். ஆசனவாய்க்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் கீறுவார்கள். பின்னால் பவுத்திரம் உருவானாலும் அதன் பாதை குட்டையாக இருக்கட்டும் என்பதற்காக. வாய் சட்டென்று மூடிக்கொள்ளாதபடி தோலில் கொஞ்சம் வெட்டி எடுப்பதும் உண்டு. தையல் போடமாட்டார்கள். மேலே மூடினால் உள்ளே மறுபடி சீழ் கட்டும்.

வெள்ளிக்கிழமை காலை சித்தப்பா சொன்ன முதல் வார்த்தை, "நேத்து இருந்த வலி எங்க போச்சு?" என்பதுதான். சீழின் அழுத்தம் போனதும் வலியில் பெரும்பங்கு போய்விடும்.

கட்டி தானாகவே உடைந்து சீழ் வந்தாலும் இதே நிம்மதி கிடைக்கும். அப்போதும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தானாக உடையும் துளை சிறியது. சீக்கிரமே மூடிக்கொண்டு மறுபடி நிறையலாம்.

வீடு திரும்பிய பின்

புண் அடியிலிருந்து மேல்நோக்கி ஆற வேண்டும். அளவைப் பொறுத்து மூன்று முதல் எட்டு வாரம் ஆகும். முன்பெல்லாம் குழிக்குள் தினமும் காஸ் துணியைத் திணிப்பார்கள். எடுக்கும்போது உயிர் போகும். பிரிட்டனில் நடந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வில், துணி திணித்தவர்களுக்கு வலி அதிகமாக இருந்தது. திணிக்காதவர்களுக்குக் கட்டியோ பவுத்திரமோ கூடுதலாக வரவில்லை. ஆகவே உங்கள் மருத்துவர் மேலே பஞ்சு வைத்தால் போதும் என்றால் அது அலட்சியம் இல்லை.

அகலமான டப்பில் இடுப்பு முழுகும் அளவு வெதுவெதுப்பான நீர் ஊற்றி, மலம் கழித்த பிறகும், நாளைக்கு மூன்று முறையும் பத்து பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். முழங்கையில் தொட்டுப் பார்த்துச் சூடு தாங்கினால் போதும். சர்க்கரை நோயில் மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது. வீட்டில் வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும். டெட்டால் ஊற்ற வேண்டாம், புண்ணை எரிக்கும். பிறகு ஒற்றித் துடைத்து, நாப்கின் வைத்துக்கொள்ளலாம்; பெண்களுக்கான பேடே போதும். மலம் இறுகாமல் இருக்கத் தண்ணீரும் கீரையும் பழமும், தேவைப்பட்டால் மருத்துவர் சொல்லும் இளக்கியும். முதல் ஒன்றிரண்டு வாரம் கொஞ்சம் ரத்தமும் சீழும் கலந்து கசிவது இயல்பு. காய்ச்சல் திரும்பினாலோ, வீக்கம் மறுபடி வந்தாலோ, ரத்தம் நிற்காமல் வந்தாலோ, சிறுநீர் வராவிட்டாலோ அன்றைக்கே திரும்பிப் போக வேண்டும். இவ்வளவு நாளும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால்தான் புண் ஆறும்.

ஆறு, எட்டு வாரம் கழிந்தும் ஒரு சின்னத் துளையில் கசிவு நிற்கவில்லை, அல்லது ஆறியது மறுபடி உடைகிறது என்றால், உள்ளே அந்தச் சுரப்பியின் வாய்க்கும் வெளித் தோலுக்கும் ஒரு குழாய்ப் பாதை விழுந்திருக்கலாம். அதுதான் பவுத்திரம். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படி ஆகிறது. கீறியவர் செய்த தவறு என்று எண்ண வேண்டாம். கட்டியோடு வரும் விளைவு அது. முதல் நாளே அந்தப் பாதையைக் கம்பி விட்டுத் தேடித் துழாவினால், வீங்கிய சதையில் இல்லாத பாதை ஒன்று புதிதாக விழுந்துவிடலாம். அதனால் வீக்கம் அடங்கியபின் பார்க்கலாம் என்று விடுவது சரி. அடிக்கடி திரும்பும் பவுத்திரத்துக்குப் பின்னால் காசநோயோ, கிரோன் என்னும் குடல் அழற்சியோ இருக்கக்கூடும். அதைக் கண்டறிய, அறுவையில் எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

சித்தப்பாவுக்கு ஏழாவது வாரம் உள்ளாடையில் ஒரு பொட்டுக் கறை வந்தது. இரண்டு நாள் பார்த்தார், நின்றபாடில்லை. பேருந்து நிலையச் சுவரில் "மூலம், பவுத்திரம், ஒரே ஊசியில்" என்று எழுதியிருந்ததை அவரும் படித்திருந்தார். அங்கே போகாமல், கீறிய மருத்துவரிடமே போனார். எம்.ஆர்.ஐ.யில் ஒரு குட்டையான பாதை தெரிந்தது. சுருங்கி விரியும் தசையை அது மேலோட்டமாகவே தொட்டிருந்ததால், ஒரு சின்ன அறுவையில் திறந்துவிட்டார்கள்.