பெயர் அறியா நாற்று

நுழையும்முன்

விதைக்காத செடியொன்று தொட்டியில் முளைப்பது இயல்பே. அது கீரையா, களையா, நஞ்சா என்பதை நாற்றுப் பருவத்தில் அறிவது கடினம். அறிந்தோரிடம் கேட்கும்போது நாம் அனுப்பும் படங்களும் செய்திகளுமே அவர்களுக்குக் கண்ணாக அமைகின்றன. அத்தகைய செய்தியொன்றை எழுதும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மதுரையில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், பை ஒன்றில் மணத்தக்காளி விதைகளைத் தூவினார். மூன்று வாரங்களில் சிறு நாற்றுகள் பல எழுந்தன. அவற்றினிடையே ஒன்று மட்டும் கொழுத்து உயர்ந்து நின்றது. அவர் அதனை மேலிருந்து படமெடுத்து, "இது என்ன செடி?" என்னும் ஒரே வரியுடன் தோட்டக்கலைக் குழுவிற்கு அனுப்பினார். மணத்தக்காளி என்றார் ஒருவர். கத்தரி என்றார் மற்றொருவர். ஊமத்தையாக இருக்கலாம் என ஐயுற்றார் மூன்றாமவர்.

மூவரையும் குறைகூற இயலாது. இம்மூன்று செடிகளும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை. இளமையில் இவற்றின் முதல் இலைகள் முட்டை வடிவில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். மேலிருந்து எடுத்த படத்தில் அவ்விலைகளே தெரிந்தன. வேறுபாடு காட்டும் உறுப்போ அவற்றின் கீழே மறைந்திருந்தது.

வித்திலையே சான்று

விதையிலிருந்து முதலில் விரியும் இணை இலைகள் வித்திலைகள் எனப்படும். மணத்தக்காளியின் விதை மிகச் சிறியது. ஆதலின் அதன் வித்திலைகளும் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும். ஊமத்தை விதை அதனினும் பெரிது. அதன் வித்திலைகள் ஈட்டிபோல் குறுகி, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருக்கும். செடி வளர்ந்ததும் வித்திலைகள் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். எனவே, அவை உதிருமுன் படமெடுத்தல் வேண்டும்.

எடுக்க வேண்டிய படங்கள்

1. பக்கவாட்டில், மண்மட்டத்திலிருந்து நுனிவரை முழு நாற்று. அருகில் ஓர் அளவுகோல்.
2. வித்திலைகளின் அண்மைப்படம்.
3. முதிர்ந்த இலையொன்றின் மேற்புறமும் அடிப்புறமும்.
4. தண்டில் இலைக்காம்பு இணையும் இடம்.
5. சுற்றிலுமுள்ள பிற நாற்றுகளுடன் தொட்டி முழுவதும்.

நாற்றின் பின்னே வெள்ளைத்தாள் ஒன்றை வைத்து, நிழலான பகல் வெளிச்சத்தில் எடுத்தால் விளிம்பும் மயிர்களும் தெளியும். உச்சிவெயிலில் இலை வெளிறிப்போகும். படத்தை அனுப்புமுன் பெரிதாக்கிப் பார்த்து, வித்திலை தெளிவாக இல்லையெனில் மீண்டும் எடுக்க வேண்டும்.

திருந்திய செய்தி

அத்தோட்டக்காரர் மறுநாள் எழுதியது வருமாறு:

"அனைவருக்கும் வணக்கம். இடம் மதுரை, வெயில்படும் மாடி. ஜூலை 20 அன்று மணத்தக்காளி விதைத்தேன். இன்று ஆகஸ்டு 10. பையிலுள்ள மண், வெற்றுமனை ஒன்றிலிருந்து எடுத்தது. ஐயத்திற்குரிய நாற்றின் உயரம் 6 செ.மீ.; வித்திலை 3 செ.மீ. நீளம், குறுகலானது. பிற நாற்றுகளின் வித்திலை 1 செ.மீ.க்கும் குறைவு. இலையின் இருபுறமும் ஏறத்தாழ வழுவழுப்பாக உள்ளன. கசக்கினால் விரும்பத்தகாத நெடி வருகிறது. சுவைத்துப் பார்க்கவில்லை. கீரையாகப் பறிக்கலாமா என்பதே என் வினா. ஐந்து படங்களை இணைத்துள்ளேன்."

இச்செய்தி, தெரிந்தவற்றை மட்டும் கூறுகிறது. பெயரை ஊகித்துப் பிறரைத் திசைதிருப்பவில்லை. ஒரே பையிலுள்ள, விதைத்தறிந்த நாற்றுகளோடு ஒப்பிட்டமை இதன் சிறப்பு. மண் வந்த இடமும் பயனுள்ள துப்பாயிற்று. ஊமத்தை விதை மண்ணில் பல்லாண்டுகள் உயிருடன் கிடக்கவல்லது. கத்தரியாயின் இலையின் அடிப்புறம் மென்மயிர் செறிந்து கம்பளிபோல் இருக்கும். வழுவழுப்பு என்னும் குறிப்பு அதனை விலக்கிற்று. குழுவினர் அனைவரும் ஊமத்தை என்னும் முடிவை நோக்கி வந்தனர்.

எல்லையும் எச்சரிக்கையும்

ஊமத்தையின் எல்லா உறுப்புகளும் நஞ்சுடையவை. சமைத்தாலும் நஞ்சு நீங்காது. உண்டவர்க்கு நாவறட்சி, கண்பாவை விரிதல், மனக்குழப்பம் ஆகியன உண்டாகும். இலையைக் கசக்கிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொடலாகாது.

படத்தைக் கொண்டு கூறும் விடை, ஐயத்தைக் குறைக்குமேயன்றி உண்ண இசைவு தராது. உறுதிப்படுத்த விரும்புவோர் நாற்றைத் தனித்தொட்டிக்கு மாற்றிப் பூக்கும்வரை காக்கலாம். மணத்தக்காளியின் பூ சிறியது, வெண்ணிற விண்மீன் வடிவினது. ஊமத்தைப் பூவோ நீண்ட எக்காளம் போன்றது. நம் தோட்டக்காரர் அந்நாற்றை வேரோடு அகற்றினார். எஞ்சிய நாற்றுகளின் வித்திலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்த பின்னரே அப்பையைக் கீரைக்கென ஒதுக்கினார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி வளாகத்தில் தானே முளைத்த நாற்றொன்றைத் தேர்ந்து, ஐந்து படங்களுடன் தோட்டக்கலைக் குழுவிற்குச் செய்தி எழுதுக.
2. "இது என்ன செடி?" என்னும் ஒருவரிச் செய்தி மூன்று வேறு விடைகளைப் பெற்றது ஏன் என்பதைக் காரணங்களுடன் விளக்குக.