பத்து நொடிக்குள் ஓர் அறிவிப்பு

டெல்டாவில் அறுவடை தொடங்கிவிட்டால் வானொலியிலும் ஆட்டோ ஒலிபெருக்கியிலும் நெல் கொள்முதல் அறிவிப்புகள் ஓடும். தஞ்சாவூர்ப் பக்கம் இவற்றுக்குக் குரல் கொடுப்பவர்கள், தாளைக் கையில் வாங்கியதும் வார்த்தைகளை எண்ணுவதில்லை. தமிழில் ஒரே வார்த்தைக்குள் வேற்றுமை உருபும் வினைமுடிவும் ஒட்டிக்கொண்டு நீளும். ‘நெல்’லும் ஒரு வார்த்தைதான், ‘நிலையத்துக்குக்’கும் ஒரு வார்த்தைதான்.

எண்ண வேண்டியது எழுத்தை. புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு மற்ற ஒவ்வொன்றையும் ஒன்றாகக் கொள்ளலாம். ‘கொள்முதல்’ மூன்று, ‘உழவரே’ நான்கு. தெளிவாகப் படிக்கும் குரலுக்கு, என் அனுபவத்தில், நொடிக்கு ஆறு எழுத்து இயல்பாக வரும். அவரவர் வேகத்தை அறிய, பழைய தாள் ஒன்றை ஒரு நிமிடம் படித்துப் பதிவு செய்து, எழுத்துகளை எண்ணி அறுபதால் வகுத்தால் போதும். பத்து நொடியில் இடைநிறுத்தங்களுக்கு ஒன்றரை நொடியை ஒதுக்கினால், பேசுவதற்கு 51 எழுத்து கிடைக்கும்.

முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேரும்: “விவசாயிகளே, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டாமல் நெல்லைக் காயவைத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு வாருங்கள். சந்தேகத்துக்கு 1800-180-1551.” பார்வைக்குச் சின்னது. முதல் வாக்கியமே 41 எழுத்து, ‘சந்தேகத்துக்கு’ ஐந்து. கிசான் அழைப்பு மையத்தின் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னால் ‘ஒன்று’, ‘எட்டு’, ‘பூஜ்யம்’, ‘ஐந்து’ எல்லாமே இரண்டிரண்டு. பதினோரு இலக்கத்துக்கு 22. மொத்தம் 68, இடைநிறுத்தம் இல்லாமலே பதினொரு நொடியைத் தாண்டிவிடும்.

எண்ணை ‘ஆயிரத்து எண்ணூறு, நூற்றி எண்பது, பதினைந்து, ஐம்பத்தொன்று’ என்று சுருக்கினால் இரண்டே எழுத்துதான் மிச்சம். கேட்பவர் கைபேசியில் அழுத்தத் தடுமாறுவார். அதைத் தொடாமல் வாக்கியத்தை வெட்டுவதே நல்லது: “உழவரே, கொள்முதல் நெல்லில் ஈரம் பதினேழு சதவீதம் தாண்டக் கூடாது. சந்தேகமா?” இது 28. எண்ணோடு சேர்த்து 50. உட்கார்ந்துவிட்டது!

இலக்கத்தை எப்போதும் எழுத்தால் எழுதி எண்ண வேண்டும். மழை கொட்டும் ஆண்டில் ஈரப்பத வரம்பைத் தளர்த்துவதுண்டு. 17 இருந்த இடத்தில் 22 வந்தால் தாளில் நீளம் மாறாது. வாயில் ‘பதினேழு’ நான்கு, ‘இருபத்திரண்டு’ ஆறு. கணக்கு 52 ஆகிவிடும். அப்போது ‘உழவரே’யை எடுத்துவிடலாம்.

இந்த எண்ணிக்கைக்கு ஒரு எல்லையும் உண்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது இலக்கணம். சொல்லின் கடைசியில் ஐகாரம் ஒன்றாகக் குறுகும். ‘குறுவை’ மூன்று எழுத்து, மூன்று மாத்திரை. ‘சம்பா’ இரண்டே எழுத்து, ஆனால் மூன்றரை மாத்திரை. நெடிலும் மெய்யும் மொய்க்கும் வாக்கியத்தில் இரண்டு மூன்று எழுத்தைக் குறைத்தே எழுத வேண்டும்.

பதினைந்து நொடி கிடைத்தால் புதுச் செய்தி எதையும் சேர்க்காமல் எண்ணை இரண்டாம் முறை சொல்லலாம்: 72 எழுத்து, பன்னிரண்டு நொடி, நிறுத்தங்களுக்கு மூன்று. பதிவைத் திரும்பக் கேட்கும்போது எண்ணின் கடைசி ‘ஒன்று’க்கு முன் வரும் ‘ஐந்து ஐந்து’ ஒரே ஐந்தாகக் காதில் விழுந்தால், குரல் ஓடியிருக்கிறது என்று பொருள். தாளில் இன்னும் ஒரு சொல்லை வெட்ட வேண்டும்.