மெலமைன் தட்டும் சூடான உணவும்

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி ஒருநாள் மாலை, மீந்திருந்த ரசத்தை மெலமைன் கிண்ணத்தில் ஊற்றி மைக்ரோவேவ் அடுப்பில் இரண்டு நிமிடம் வைத்தாள். எடுக்கப் போனபோது கிண்ணம் விரலைச் சுட்டது. உள்ளே இருந்த ரசமோ வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. "ரசம் சூடாவதற்கு முன் கிண்ணம் ஏன் சூடானது?" என்று அவள் வகுப்பில் கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நாங்கள் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

மெலமைன் என்பது நைட்ரஜன் மிகுந்த ஒரு வெள்ளைத் தூள். அதனுடன் ஃபார்மால்டிஹைடைச் சேர்த்தால் ஒருவகைப் பிசின் உண்டாகிறது. ஆய்வகத்தில் தவளையைக் கெடாமல் வைத்திருக்கும் ஃபார்மலின், ஃபார்மால்டிஹைடு நீரில் கரைந்ததுதான். இப்பிசினுடன் மரக்கூழ்த் தூளைக் கலந்து, சூடான அச்சில் வைத்து அழுத்தித் தட்டும் கிண்ணமும் செய்கிறார்கள். வெந்த முறுக்கை மீண்டும் மாவாக்க முடியாதல்லவா? அதுபோல ஒருமுறை இறுகிய இத்தட்டும் மீண்டும் உருகாது. பீங்கான் போலப் பளபளப்பாகவும், கீழே விழுந்தால் எளிதில் உடையாமலும் இருப்பதால்தான் வீடுகளில் இதை விரும்புகிறார்கள்.

ஆனால் உருகாது என்பதால் ஒன்றும் வெளிவராது என்று எண்ணக் கூடாது. கொதிக்கும் நீரும் புளிப்பும் சேர்ந்தால் பிசினின் பிணைப்புகள் சிறிது சிறிதாக அவிழ்ந்து, மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் மிகச் சிறிய அளவில் உணவில் கலக்கின்றன. உணவு ஏறத்தாழ 70 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருந்தாலும், புளி, தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பு சேர்ந்திருந்தாலும் இது அதிகமாகும்.

எவ்வளவு கலக்கிறது? தைவானில் 12 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2013ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆறு பேர் 90 டிகிரி சூட்டில் அரை லிட்டர் நூடுல்ஸ் சூப்பை மெலமைன் கிண்ணத்திலும், மற்ற ஆறு பேர் பீங்கான் கிண்ணத்திலும் குடித்தனர். மூன்று வாரம் கழித்துக் கிண்ணங்களை மாற்றிக் கொடுத்தனர். அடுத்த 12 மணி நேரத்தில் சிறுநீரில் வெளியான மெலமைன், மெலமைன் கிண்ணத்தில் குடித்தபோது சராசரியாக 8.35 மைக்ரோகிராம், பீங்கானில் குடித்தபோது 1.31 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இது ஆபத்தான அளவா? உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டு கூறிய வரம்பு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.2 மில்லிகிராம். எங்களில் 45 கிலோ எடையுள்ள ஒருத்திக்கு அது 9 மில்லிகிராம், அதாவது 9,000 மைக்ரோகிராம். மேற்சொன்ன 8.35 அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆகவே ஒருவேளை சூடான சாம்பாரை மெலமைன் தட்டில் உண்டதற்காக அஞ்ச வேண்டியதில்லை. அதே 2008இல் சீனாவில் பால்மாவில் மெலமைனைக் கலப்படம் செய்ததால் குழந்தைகளுக்குச் சிறுநீரகக் கற்கள் உண்டாயின. சில குழந்தைகள் இறந்தும் போயின. ஆனால் அங்கே மெலமைன் கலந்தது மிகப் பெரிய அளவில். தட்டிலிருந்து வருவதை அதனோடு ஒப்பிட இயலாது.

இனி தோழியின் கேள்விக்கு வருவோம். மைக்ரோவேவ் அலைகள் கண்ணாடியைப் பெரும்பாலும் ஊடுருவிச் சென்று, உணவிலுள்ள நீரைச் சூடாக்குகின்றன. மெலமைன் பிசினோ அந்த அலைகளைத் தானே உறிஞ்சிக் கொள்கிறது. அதனால் கிண்ணமே சூடாகிறது. அதுவும் எல்லா இடத்திலும் ஒரே சீராகச் சூடாவதில்லை. மிகவும் சூடேறிய இடத்தில் பிசின் சிதைந்து, உணவில் கலப்பது கூடுகிறது. பளபளப்பு மங்குகிறது; மெல்லிய விரிசல்களும் விழுகின்றன. தோழியின் கிண்ணத்தை நாங்கள் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். அடிப்பக்கத்தில் தலைமுடி போன்ற கோடுகள் ஓடியிருந்தன.

ஆகவே சோறும் குழம்பும் பரிமாறி உண்ண மெலமைன் தட்டைப் பயன்படுத்தலாம். கொதிக்கும் ரசத்தையோ பாலையோ அதில் ஊற்றி நெடுநேரம் வைக்க வேண்டாம். மீந்ததைச் சூடாக்குவதாயின், மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று குறிக்கப்பட்ட கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணத்தில் சூடாக்கி, சற்று ஆறிய பின் மெலமைனுக்கு மாற்றலாம். எவர்சில்வர் பாத்திரத்தை அடுப்பின் மேல் வைக்கலாமே தவிர, மைக்ரோவேவுக்குள் வைக்கலாகாது.

கீறலும் விரிசலும் கண்ட தட்டையும், வெந்நீர் ஊற்றினால் நெடி வீசும் தட்டையும் உணவுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் தோழியின் வீட்டில் அந்தக் கிண்ணம் இப்போது கோலப்பொடிக் கிண்ணமாகிவிட்டது.