பூனைக்கு 38.9 காய்ச்சலா?

ஒரு நாள் மாலை என் பேத்தி தன் பூனையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "தாத்தா, இதன் காதும் வயிறும் கொதிக்கிறது. வெப்பமானி 38.9 காட்டுகிறது. காய்ச்சல் மாத்திரையில் பாதியைக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டாள். நல்ல வேளை, கேட்டுவிட்டுக் கொடுக்க நினைத்தாள்.

மனிதருக்கு 38.9 பாகை செல்சியஸ் என்றால் காய்ச்சல்தான். நம் உடலின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 37 பாகை. ஆனால் பூனைக்கும் நாய்க்கும் இயல்பான வெப்பமே சுமார் 38.3 முதல் 39.2 வரை இருக்கும். நம் கைக்கு அவற்றின் உடல் எப்போதும் சூடாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே. ஆகவே தொட்டுப் பார்த்தோ, மூக்கு உலர்ந்திருப்பதைப் பார்த்தோ காய்ச்சல் என்று முடிவு செய்யக் கூடாது.

மேலும், நாம் உண்ணும் பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சாகும். அதை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. இரத்தம் உயிர்வளியைச் சுமக்க இயலாமல் போய், ஈறுகள் பழுப்பாக மாறும். ஒரே மாத்திரை உயிரைப் பறித்துவிடக் கூடும். நாய்க்கும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கலாகாது.

சரியாக அளப்பது எப்படி? பிராணிக்கென்று தனியாக ஒரு மின் வெப்பமானி வைத்துக்கொள்ளுங்கள். முனையில் வாசலின் தடவி, ஒருவர் பிராணியை ஆதரவாகப் பிடித்திருக்க, மற்றவர் ஆசனவாயில் ஓர் அங்குலத்திற்கு மேற்படாமல் மெல்லச் செலுத்தி, ஒலி கேட்கும் வரை காத்திருக்க வேண்டும். ஓடி விளையாடியிருந்தாலும் பயந்திருந்தாலும் வெப்பம் சற்று ஏறும். ஆகவே அரை மணி நேரம் அமைதியாக விட்டு மறுபடியும் அளக்க வேண்டும். நாங்களும் அப்படியே செய்தோம், 38.6 காட்டியது. பூனையும் வழக்கம்போல் உணவு உண்டது. பேத்தியின் கவலை தீர்ந்தது.

ஓய்வுக்குப் பின்னும் 39.5ஐத் தாண்டினால் மருத்துவரை அழையுங்கள். 40ஐத் தாண்டினால் அன்றே கொண்டு செல்லுங்கள். நம் நாட்டின் புழுக்கத்தில், வெயிலில் கட்டப்பட்ட நாயோ காரில் அடைபட்ட நாயோ கடுமையாக மூச்சிரைத்துத் தள்ளாடினால் அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் அது பலிப்பதில்லை. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடலெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறிக் காற்று படச் செய்து, அப்படியே மருத்துவரிடம் விரையுங்கள். 39.5க்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் உடல் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும்.

பலர் கவனிக்கத் தவறுவது இன்னொன்று. சோர்ந்து கிடக்கும் பூனையிடம் வெப்பமானி 37 காட்டினால், "நமக்கிருப்பதுதானே" என்று நிம்மதி அடைந்துவிடுகிறோம். அதற்கு அது குறைவான வெப்பம். உணவைத் தொடாமல் படுத்திருக்கும் பிராணிக்கு 37.5க்குக் கீழே இருந்தால், துணியால் போர்த்தி மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். நமக்கு நலம் காட்டும் எண், அதற்கு ஆபத்தைக் காட்டும் எண்ணாக இருக்கலாம்.