கருவாட்டுப் பொதிக்கு எந்தத் தமிழ்? மன்னார் வியாபாரிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பேசாலையில் கருவாடு காயவைத்துப் பொதி செய்து விற்கத் தொடங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு தயார், பெயரும் தயார். அடுத்து, வாடிக்கையாளரோடு எழுத்துத் தமிழில் பேசுவதா, பேச்சுத் தமிழில் பேசுவதா என்று முடிவுசெய்ய வேண்டும். ஒரு பொதி கட்டாக் கருவாட்டை வைத்தே படிப்படியாகப் பார்ப்போம்.

எதை எங்கே?

முதலில் நாம் எழுதப்போகும் இடங்களை இரண்டாகப் பிரிப்போம். பொதியின் லேபல், பெயர்ப்பலகை, பற்றுச்சீட்டு ஆகியவை அச்சாகி நிலைத்து நிற்பவை. யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. வாட்ஸ்அப், பேஸ்புக், ஓட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி ஆகியவை பதில் எதிர்பார்ப்பவை. பிழை வந்தால் நாளைக்கே மாற்றலாம்.

நிலைத்து நிற்பவற்றுக்கு எழுத்துத் தமிழ், பதில் எதிர்பார்ப்பவற்றுக்குப் பேச்சுத் தமிழ். இதிலிருந்து தொடங்குவோம்.

எப்படி எழுதுவது?

லேபலில் இப்படி: "கட்டாக் கருவாடு. தேறிய நிறை: 250 கிராம். காலாவதித் திகதி: … ஈரமற்ற இடத்தில் வைக்கவும்." பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் கொழும்புக் கடைக்காரரும் ஒரே மாதிரி விளங்கிக்கொள்வார்கள்.

அதே சரக்கு வாட்ஸ்அப்பில்: "கட்டாக் கருவாடு வந்திட்டுது. கால் கிலோவா, அரைக் கிலோவா? சொல்லுங்கோ, எடுத்து வைக்கிறம்." கேள்வியோடு முடிவதால் பதில் எழுதத் தோன்றும்.

பொதி ஈரம் பிடித்துவிட்டது என்று ஒருவர் சொல்கிறார். "தங்களது முறைப்பாடு பரிசீலிக்கப்படும்" என்றால் கச்சேரிக் கடிதம்போல் இருக்கும். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, வேற பொதி மாத்தித் தாறம். ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ" என்றால் ஆள் ஆறுதலடைவார். பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் நிபந்தனைகளை மட்டும் எழுத்துத் தமிழிலேயே வைப்போம். பின்னர் வாக்குவாதம் வந்தால் அந்த வரியைத்தான் இருவரும் காட்டுவார்கள்.

யாருடைய பேச்சு?

எழுத்துத் தமிழ் எல்லா ஊருக்கும் பொது. பேச்சுத் தமிழுக்கு ஊரும் உறவும் உண்டு. பேசாலைக் கத்தோலிக்கக் குடும்பத்தை "அண்ணா, அக்கா" என்று கூப்பிடலாம். எருக்கலம்பிட்டியில் மூத்தவர் "நானா", "ராத்தா". 1990 வெளியேற்றத்தின் பின் புத்தளத்தில் வளர்ந்து திரும்பிய இளையவர்களின் பேச்சில் அந்த ஊரின் வாசமும் கலந்திருக்கும். ஒரே குழுவில் எல்லோரும் இருந்தால் உறவுமுறையை விட்டுவிட்டு "நீங்கள்" என்ற மரியாதையோடு நிறுத்திக்கொள்வோம்.

கடல் கடந்தால் கணக்கு மாறும். டொரொண்டோவிலும் பாரிசிலும் உள்ள நம்மவர்களுக்கு "தாறம்", "வாங்கோ" கேட்டால் ஊர் ஞாபகம் வரும். தலைமன்னாருக்கு எதிர்க்கரையான ராமேஸ்வரத்தில் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் "வாங்கோ" என்பது பெரும்பாலும் பிராமண வீட்டுப் பேச்சாகக் கேட்கும். கருவாட்டு விளம்பரத்தில் வந்தால் சிரிப்பார்கள். அவர்களுக்கு எளிய எழுத்துத் தமிழே போதும்.

எவ்வளவு செலவு?

எஸ்எம்எஸ் அனுப்பும்போது மொழிநடை நேரடியாகக் காசைத் தொடும். ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழில் 70 மட்டுமே. புள்ளியும் ஒவ்வோர் உயிர்க்குறியும் தனி இடம் பிடிக்கும். "கட்டாக் கருவாடு தற்போது விற்பனைக்கு வந்துள்ளது." இது 47 இடம். "கட்டாக் கருவாடு வந்திட்டுது." இது 28 இடம். இரண்டாவதில் விலைக்கும் தொலைபேசி இலக்கத்துக்கும் 42 இடம் மிஞ்சுகிறது. முதலாவதில் மிஞ்சுவது 23. 70ஐத் தாண்டினால் இரண்டு செய்திக்குக் கட்டணம்.

லேபலுக்கு மறுபக்கக் கணக்கு. அச்சிட்ட பிறகு ஒரு சொல் பிடிக்கவில்லை என்றால் முழுக் கட்டும் வீண். அதனால் பேச்சு வரியை முதலில் வாட்ஸ்அப்பில் ஓடவிட்டுப் பார்ப்போம். பிடித்துப்போனால் பொதியின் முன்பக்கத்தில் ஒரே ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

எதில் கவனம்?

ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலக்க வேண்டாம். "வருகை தந்து வாங்கிக்கொண்டு போங்கோ" என்பதில் முதல் பாதி மேடையில் நிற்கிறது, மறுபாதி சந்தையில் நிற்கிறது.

பேச்சுச் சொல்லுக்கு அகராதி எழுத்துக்கூட்டல் இல்லை. இன்று "வேணும்", நாளை "வேனும்" என்று எழுதினால் பிழைபோல் தெரியும். அடிக்கடி வரும் இருபது சொற்களை ஒரு தாளில் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டுவோம். பதில் எழுதும் எல்லோரும் அதையே பார்க்கட்டும்.

கடைசிப் படி

அனுப்புமுன் பேசாலையில் ஒருவர், எருக்கலம்பிட்டியில் ஒருவர், கொழும்பில் ஒருவர் என மூவரிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்வோம். ஒரு சொல்லில் தடுக்கித் திரும்ப வாசித்தால் அந்தச் சொல்லை எழுத்துத் தமிழுக்கு மாற்றுவோம். தடையில்லாமல் வாசித்து, "கிலோ எவ்வளவு?" என்று கேட்டால் அந்த வரியை அனுப்பலாம்.